நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்துத் தட்டச்சு எழுத்தாக்கினேன், ஒளி ஒலியாகிவிட்டது. திருப்புதலுக்கு முன் எப்படிச் சரிபார்ப்பது?

தேர்வுக்கலை

வணக்கம். முதுநிலை ஆசிரியர் தேர்வுக்கு இயற்பியல் படித்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் எழுதிய நான்கு நோட்டுகள் இருக்கின்றன, மொத்தம் 340 பக்கம். கோடு போட்ட நோட்டு, நீல மை. தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதியது. பஸ்ஸில் போகும்போதும் படிக்க வேண்டும், தேடினால் கிடைக்கவும் வேண்டும் என்று போனில் படம் எடுத்து, கையெழுத்தைப் படிக்கும் ஒரு செயலியில் கொடுத்து, வந்ததை கூகுள் டாக்ஸில் ஒட்டிவைத்தேன்.

பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. அதனால் நோட்டைத் திரும்பப் பார்க்காமலே ஒரு வாரம் அதை வைத்துத் திருப்புதல் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வில் ஒளிமின் விளைவில் ஒரு கேள்வி. படும் ஒளியின் செறிவை அதிகரித்தால் நிறுத்து மின்னழுத்தம் என்ன ஆகும்? "அதிகரிக்கும்" என்று போட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் டாக்ஸில் "நிறுத்து மின்னழுத்தம் செறிவைச் சார்ந்தது" என்று இருக்கிறது. நோட்டில் "சார்ந்தது" முடிந்து, வலது ஓரத்தில் இடம் இல்லாமல் இடுக்கி எழுதிய "அல்ல" இருக்கிறது. படத்தில் அந்த ஓரம் வளைந்து மங்கியிருந்தது. ஒரே ஒரு சொல் விழுந்ததில் முழுப் பொருளும் தலைகீழாகிவிட்டது.

அதற்கப்புறம் தேடத் தேட வந்துகொண்டே இருக்கிறது. ஒளி பல இடங்களில் ஒலியாகியிருக்கிறது. ஓர் இடத்தில் மின்னூட்டம் மின்னோட்டமாக இருக்கிறது. அடுக்குகள் எல்லாம் தரைக்கு இறங்கிவிட்டன. முழுவதையும் நோட்டோடு ஒப்பிட்டு வாசிப்பதைத் தவிர வேறு வழி உண்டா? அப்படி வாசித்தாலும் கண்ணுக்குத் தப்பாது என்று எப்படி நம்புவது?

காவிரிக்கரை

எழுத்துப் பிழைத் திருத்தியை ஓடவிடுங்கள், முக்கால்வாசி சரியாகிவிடும். ஆனால் மூல காரணம் உங்கள் படம்தான். நோட்டின் நீலக் கோடுகள் எழுத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. மேல்கோட்டில் பட்ட புள்ளி காணாமல் போகும், கோட்டின் மேலேயே எழுதிய கழித்தல் குறியைச் செயலி கோடு என்றே நினைத்துவிடும். கோட்டை எடுத்துவிட்டுக் கொடுங்கள். கணினியில் இமேஜ்மேஜிக் இருந்தால் ஒரே வரிதான்:

```
magick page.jpg -channel B -separate page_b.png
```

படத்தின் நீலப் பகுதியை மட்டும் எடுத்தால் நீலக் கோடு காகிதத்தைப் போலவே வெளுத்துவிடும், எழுத்து கறுப்பாக நிற்கும். நான் என் தம்பியின் கணக்கு நோட்டுக்கு இதைத்தான் செய்தேன்.

எழுத்துரு அன்பன்

சகோதரி, பாமினியில் இருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது இந்த மாதிரி எழுத்து மாறுவது வழக்கம்தான். எந்த எழுத்துருவில் அடித்தீர்கள் என்று சொன்னால் சரியான மாற்றியைச் சொல்கிறேன். பழைய கோப்பு இருந்தால் அதையே மறுபடி மாற்றலாம், திருத்த வேண்டிய தேவையே வராது.

தேர்வுக்கலை

அன்பன் அண்ணா, இது அடித்த கோப்பு இல்லை. கையால் எழுதிய நோட்டைப் படம் எடுத்தது. பழைய கோப்பு என்று எதுவும் கிடையாது.

காவிரிக்கரை, நீங்கள் சொன்னதைச் செய்து பார்த்தேன். கோடு போய்விட்டது. ஆனால் எழுத்தும் பாதி போய்விட்டது! நீல மை அல்லவா.

அச்சுக்கூடம்

முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினேன். கடைசிப் பத்து வருடம் பள்ளித் துணைநூல்கள்தான். காவிரிக்கரை தம்பி சொன்ன காரணம் சரி, மருந்துதான் இந்த நோட்டுக்குப் பொருந்தவில்லை. உங்கள் தம்பி கறுப்பு மையில் எழுதியிருப்பார். நீல மைக்கு சிவப்புப் பகுதியை எடுக்க வேண்டும். அதில் நீல எழுத்து நன்றாகக் கறுக்கும். கோடும் கொஞ்சம் கறுக்கும், ஆனால் கோட்டின் நீலம் வெளிர் என்பதால் வெளிச்சத்தைக் கூட்டித் தள்ளிவிடலாம்.

```
magick page.jpg -channel R -separate -level 20%,65% page_r.png
```

65 என்பது என் நோட்டுக்கு ஒத்துவந்த எண். உங்களுடையதில் கோடு மிச்சம் நின்றால் அதைக் குறைத்தும், எழுத்து உடைந்தால் கூட்டியும் பாருங்கள். முக்கியமாக ஒன்று: சிவப்பு மையில் எழுதியது எதுவும் இந்தப் படத்தில் இருக்காது. ஆசிரியர் சிவப்பில் திருத்தியிருந்தால் திருத்தம் மறைந்து பிழை மட்டும் மிஞ்சும். அந்தப் பக்கங்களை அப்படியே கொடுங்கள்.

படம் எடுப்பதைப் பற்றி இன்னொன்றும் சொல்கிறேன். நோட்டை விரித்து இரண்டு பக்கத்தையும் ஒரே படத்தில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு பக்கமாக, ஓரத்தை விரலால் அழுத்தித் தட்டையாக்கி, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுங்கள். உங்கள் "அல்ல" போனது அந்த வளைவில்தான்.

இப்போது எழுத்துப் பிழைத் திருத்தி. அதை நம்பவே நம்பாதீர்கள். அது இல்லாத சொல்லைத்தான் பிடிக்கும். ஒலியும் நல்ல சொல், மின்னோட்டமும் நல்ல சொல், "சார்ந்தது"வும் நல்ல சொல். செயலி மங்கலான இடத்தில் எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை, அங்கே வழக்கமாக என்ன சொல் வரும் என்றும் பார்த்துப் போடுகிறது. அதனால் அதன் பிழைகள் பெரும்பாலும் நல்ல சொற்களாகவே வரும். பழைய அச்சுக்கோப்பில் எழுத்து தலைகீழாக நிற்கும், கண் உடனே பிடித்துவிடும். இங்கே அப்படி இல்லை. கொச்சையாக வந்த வரியைவிட அழகாக வந்த வரியை அதிகம் சந்தேகப்படுங்கள்.

உங்கள் பாடத்தில் ஒரே எழுத்தில் பொருள் மாறும் இணைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒளி–ஒலி, மின்னூட்டம்–மின்னோட்டம், நிறை–நிலை, விசை–திசை, அலை–அவை, புலம்–பலம். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் இணையில் இரண்டு சொல்லையும் தேடி, வந்த ஒவ்வோர் இடத்தையும் படத்தோடு பாருங்கள். மொத்தமாக மாற்றும் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். அலை இயற்பியலில் ஒலியும் உண்மையிலேயே வரும்.

எதிர்மறையைத் தனியாகப் பாருங்கள். தமிழில் அது பெரும்பாலும் வாலில்தான் இருக்கும். அல்ல, இல்லை, மாறாது, சாராது. வால் விழுந்தால் வாக்கியம் பிழை இல்லாமல் எதிர்ப்பொருளில் நிற்கும். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் நோட்டோடு ஒப்பிட்டாலே பெரும்பாலானவை சிக்கிவிடும், அதற்கு முழு வாக்கியத்தையும் வாசிக்க வேண்டியதில்லை.

காவிரிக்கரை

சிவப்பு, நீலம் விஷயம் எனக்கு இதுவரை தெரியாது. நன்றி ஐயா. தம்பியின் நோட்டு கறுப்பு மைதான்.

செவிலி மலர்

கேள்வி இயற்பியல்தான், ஆனாலும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கும்போது மருந்தியல் குறிப்புகளை இப்படித்தான் மாற்றினேன். நான் μ எழுதினால் கால் நீளமாக இழுப்பேன். செயலி சில இடத்தில் u என்று எடுத்தது, அது பரவாயில்லை, பார்த்தாலே தெரியும். சில இடத்தில் m என்று எடுத்துவிட்டது. μg, mg ஆனால் ஆயிரம் மடங்கு. தைராய்டு மாத்திரை அளவில் 50 mg என்று இருந்ததைத் தோழி பார்த்துச் சொன்னாள். லெவோதைராக்சின் மைக்ரோகிராமில்தான் கொடுப்பார்கள், மில்லிகிராம் கணக்கில் ஐம்பது யாருக்கும் கொடுப்பதில்லை. அவளுக்கு அந்த மருந்து தெரிந்ததால் பிடித்தாள். தெரியாத மருந்தாக இருந்தால் இருவருமே அப்படியே மனப்பாடம் செய்திருப்போம்.

அன்றிலிருந்து அலகு வரும் இடத்தில் குறியீடே வைப்பதில்லை, மைக்ரோகிராம் என்று முழுச் சொல்லாக எழுதிவிடுகிறேன்.

வகுப்பறை 12

மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். மலர் சொன்னதுதான் இங்கேயும் முக்கியம். சொற்களுக்கு அச்சுக்கூடம் ஐயா வழி சொல்லிவிட்டார், குறியீடுகளைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஒளிமின் விளைவில் மிகப் பெரிய தொல்லை ν, v இரண்டும்தான். அதிர்வெண்ணுக்கு ν, எலக்ட்ரானின் திசைவேகத்துக்கு v. கையெழுத்தில் நமக்கே வித்தியாசம் தெரியாது, இடத்தை வைத்துத்தான் புரிந்துகொள்கிறோம். செயலி கிட்டத்தட்ட எல்லாவற்றையும் v ஆக்கும். φ பூஜ்ஜியமாகும், φ₀ இரண்டு பூஜ்ஜியமாகும். λ சில நேரம் 2 அல்லது x ஆகும். Å வெறும் A ஆகும். ρ, p ஆகும்.

கலை, உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நோட்டின் பெரும்பகுதி தமிழ். அதனால் சிறிய v என்று தேடினால் கிட்டத்தட்ட சமன்பாடுகள் மட்டும்தான் வரும். Ctrl+H அழுத்தி, பெரிய சிறிய எழுத்தைப் பிரித்துத் தேடும்படி வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். வந்த இடத்தில் h பக்கத்தில் நிற்கிறதா, m பக்கத்தில் நிற்கிறதா என்று கேளுங்கள். hv என்பதைத் திசைவேகமாக எடுத்தால் அலகு ஜூல் மீட்டர் என்று வரும், அது ஆற்றல் ஆகாது. அப்படியென்றால் அது ν.

அடுக்குகளுக்கு டாக்ஸின் அதே தேடலில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் வசதியை இயக்கிவிட்டு இதைப் போடுங்கள்:

```
10\s?[-–−]?\s?\d
```

10க்குப் பின்னால் இன்னோர் எண் ஒட்டி வந்த எல்லா இடமும் கிடைக்கும். கழித்தல் குறி மூன்று விதமாக வந்திருக்கலாம் என்பதால்தான் அடைப்புக்குள் மூன்று கோடு. 100, 105 போன்ற நிஜ எண்களும் மாட்டும், அவற்றைத் தாண்டிப் போங்கள். கழித்தல் இருந்ததா இல்லையா என்பதை மட்டும் படத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நோட்டையே பாருங்கள். கோட்டின் மேல் எழுதிய கழித்தலைப் படத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கு இருக்கும் இடத்தில் வாசித்துச் சரிபார்க்காதீர்கள். கணக்கைத் திரும்பப் போடுங்கள். கண் ஏமாறும், விடை ஏமாறாது.

வாசகர் சிவா

ஒரு சந்தேகம். டாக்ஸில் உள்ளதைப் போனின் வாசிப்பு வசதியில் வாசிக்கவிட்டு, நோட்டைக் கையில் வைத்துக் கேட்டால் என்ன? நான் கதைக் குறிப்புகளுக்கு அப்படித்தான் செய்கிறேன். விழுந்த வரி உடனே தெரிந்துவிடும்.

அச்சுக்கூடம்

விழுந்த வரிக்கு நல்ல வழி. ஒரே சொல்லில் தொடங்கும் இரண்டு வரி அடுத்தடுத்து இருந்தால் ஒன்றை விட்டுவிட்டுப் போவது மனிதருக்கும் உண்டு, செயலிக்கும் உண்டு. காதால் கேட்டால் அது தப்பாது.

ஆனால் கலையின் முதல் பிரச்சினைக்கு அது உதவாது. ஒளி, ஒலி இரண்டையும் அந்தக் குரல் எவ்வளவு வேறுபடுத்திச் சொல்லும்? ர, ற, ன, ண எல்லாமே அப்படித்தான். அச்சகத்தில் இருவர் உட்காருவோம். ஒருவர் மூலத்தை உரக்க வாசிப்பார், இன்னொருவர் அச்சடித்ததைப் பார்ப்பார். சந்தேகம் வரக்கூடிய இடத்தில் வாசிப்பவர் "பொது ள", "மேல்நோக்கு ல", "மூணு சுழி ண" என்று சொல்லிக்கொண்டே போவார். கமா, புள்ளி எல்லாம் வாயால் வரும். வீட்டில் யாராவது ஒரு மணி நேரம் தருவார்கள் என்றால் அப்படிச் செய்யுங்கள். நோட்டை அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, திரையை நீங்கள் பாருங்கள். நீங்களே வாசித்தால் நினைவில் இருப்பதை வாசித்துவிடுவீர்கள்.

தேர்வுக்கலை

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு ஒரே ஒரு பக்கத்தை எடுத்து நீங்கள் சொன்னபடி செய்தேன். ஒளிமின் விளைவில் ஒரு கணக்கு. சிவப்புப் பகுதிப் படத்தைக் கொடுத்ததும் வந்தது இது:

```
λ = 4000 A,  0 = 2.0 eV
E = 12400/4000 = 3.1 eV
Kmax = hv - 00 = 1.1 eV
     = 1.76 x 1019 J
v = 6.2 x 106 m/s
```

முதல் வரியில் A என்பது Å. அதற்கப்புறம் தனியாக நிற்கும் பூஜ்ஜியம் φ₀. மூன்றாவது வரியில் hv என்பது hν, 00 என்பது φ₀. கடைசி வரியில் உள்ள v உண்மையான திசைவேகம். வகுப்பறை சார் சொன்னது இங்கேதான் புரிந்தது. மொத்தமாக v எல்லாவற்றையும் ν ஆக்கியிருந்தால் இந்தக் கடைசி வரி கெட்டிருக்கும்.

அப்புறம் கணக்கைப் போட்டேன். 4000 Å ஒளிக்கு ஆற்றல் 3.1 எலக்ட்ரான் வோல்ட், சரி. அதில் வெளியேற்று ஆற்றல் 2.0 போனால் 1.1, அதுவும் சரி. அதனால் 2.0, 3.1, 1.1 மூன்றில் எதுவும் தவறாகப் படிக்கப்படவில்லை என்று தெரிகிறது. 1.1 ஐ 1.6 × 10⁻¹⁹ ஆல் பெருக்கினால் 1.76 × 10⁻¹⁹. ஆக 1019 என்பது கழித்தல் பத்தொன்பது. நோட்டைப் பார்த்தேன், கழித்தல் குறி சரியாக நீலக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. படத்தில் அது இல்லவே இல்லை.

கடைசி வரியில்தான் குழப்பம். நோட்டிலும் 6.2 × 10⁶ என்றே தெளிவாக இருக்கிறது, ஆறு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எனக்குக் கணக்கு 10⁵ என்று வருகிறது. இரண்டு தடவை போட்டுவிட்டேன். நான் எங்கே தவறுகிறேன்?

வகுப்பறை 12

நீங்கள் தவறவில்லை. 2 × 1.76 × 10⁻¹⁹ ஐ 9.1 × 10⁻³¹ ஆல் வகுத்தால் 3.87 × 10¹¹. வர்க்கமூலம் எடுக்க அதை 38.7 × 10¹⁰ ஆக்க வேண்டும். விடை 6.2 × 10⁵ மீட்டர்/வினாடி. நோட்டுதான் தவறு.

என் ஊகம் இது. கரும்பலகையில் 0.387 × 10¹² என்று எடுத்து, 0.62 × 10⁶ என்று போட்டிருப்பார்கள். அதை நீங்கள் எழுதும்போது 6.2 ஆகியிருக்கும். ஒற்றைப்படை அடுக்கு வரும் இடத்தில் மாணவர்கள் செய்யும் வழக்கமான தவறு இது. ஊகம்தான், பலகையைப் பார்த்தவர் யாரும் இல்லை.

தேர்வுக்கலை

அப்படியென்றால் இதை நேராக 10⁵ என்று திருத்திவிடட்டுமா?

அச்சுக்கூடம்

திருத்துங்கள், ஆனால் செயலியின் பிழையைத் திருத்துவது போலத் திருத்தாதீர்கள். இரண்டும் வேறு. செயலி தவறாகப் படித்ததை நோட்டில் உள்ளபடி மாற்றினால் வேலை முடிந்தது. நோட்டே தவறு என்றால் பக்கத்தில் "நோட்டில் 10⁶, கணக்கில் 10⁵" என்று ஒரு குறிப்பு போட்டு, நோட்டிலும் பென்சிலால் எழுதிவையுங்கள். இல்லையென்றால் மூன்று மாதம் கழித்து நோட்டைப் புரட்டும்போது எது சரி என்று மறுபடி முதலில் இருந்து யோசிப்பீர்கள்.

இன்னொன்று. படிக்க முடியாத இடத்தில் நினைவில் இருந்து ஊகித்து நிரப்பாதீர்கள். [??] என்று போட்டுவிட்டு நகருங்கள். எல்லாம் முடிந்தபின் [??] என்று தேடி, பாடநூலை வைத்துக்கொண்டு ஒரே உட்காரலில் தீர்த்துவிடலாம்.

நேரம் பொன்

இவ்வளவும் வாசித்தேன். ஒரு பக்கத்துக்கு இத்தனை வேலை என்றால் 340 பக்கத்துக்கு எத்தனை நாள்? பேசாமல் கையாலேயே தட்டச்சு செய்யலாமே! தட்டச்சு செய்தாலே பாதி மனப்பாடம் ஆகிவிடும். படம், செயலி எல்லாம் தேவையற்ற சுற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

தேர்வுக்கலை

நேற்றைய பக்கத்துக்கு 14 நிமிடம் ஆனது, கணக்கைத் திரும்பப் போட்டது சேர்த்து. கணக்கு இல்லாத, விளக்கம் மட்டும் உள்ள பக்கம் ஒன்றுக்கு 6 நிமிடம். அதே பக்கத்தைத் தமிழில் நானே அடித்தால் இருபத்தைந்து நிமிடமாவது ஆகும், என் வேகம் அவ்வளவுதான். ஆனால் நீங்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. சமன்பாடு மட்டும் நிறைந்த பக்கத்தில் திருத்திக்கொண்டே இருப்பதற்குப் புதிதாக அடித்துவிடலாம் போலத்தான் இருக்கிறது.

வகுப்பறை 12

சமன்பாட்டை ஏன் அடிக்க வேண்டும்? வரியை மட்டும் படத்தில் இருந்து வெட்டி அப்படியே டாக்ஸில் ஒட்டிவிடுங்கள். விளக்கம் தட்டச்சு எழுத்தில், சமன்பாடு உங்கள் கையெழுத்தில். தவறாகப் படிக்கப்படும் என்ற பேச்சுக்கே இடமில்லை. என் மாணவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

அச்சுக்கூடம்

இதில் நான் சாரோடு ஒத்துப்போகவில்லை. வெட்டி ஒட்டிய படத்தைத் தேட முடியாது. அதோடு அவருடைய ν, v குழப்பம் படத்திலும் அப்படியே இருக்கும். இப்போது இடத்தை வைத்துப் புரிகிறது, தேர்வுக்கு முந்தைய இரவில் அவசரமாகப் பார்க்கும்போது புரியுமா? அடித்து, ஒரு தடவை தீர்மானித்து வைத்தால் அந்தச் சந்தேகம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

வகுப்பறை 12

ஐயா, தீர்மானிக்கும்போதே தவறிவிட்டால்? அடித்த ν பார்க்க அவ்வளவு உறுதியாக இருக்கும், பிறகு யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கையெழுத்தில் உள்ள சந்தேகம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது, அதுவும் ஒரு பாதுகாப்புதான்.

செவிலி மலர்

நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். அடித்த வரி, அதன் கீழே சின்னதாக வெட்டிய படம். கோப்பு கனமாகிவிடும் என்பதுதான் ஒரே குறை. பழைய போனில் திறக்க நேரம் எடுக்கிறது.

காவிரிக்கரை

ஆண்டுகளுக்கு என்ன செய்வீர்கள்? கணக்குப் போட்டு ஆண்டைச் சரிபார்க்க முடியாதே. என் தம்பி 1 போட்டால் மேலே சின்னக் கொக்கி வைப்பான், 7 மாதிரியே இருக்கும்.

தேர்வுக்கலை

நல்ல வேளை கேட்டீர்கள். இப்போதுதான் பார்த்தேன். ஹெர்ட்ஸ் 1887 என்பது என் டாக்ஸில் 1881 என்று இருக்கிறது! ஐன்ஸ்டீன் 1905 சரியாக வந்திருக்கிறது. ஹால்வாக்ஸ் 1888, அதுவும் சரி. லெனார்டுக்கு 1902 என்று இருக்கிறது.

வகுப்பறை 12

1902 சரிதான். ஆண்டுக்கும் மாறிலிகளுக்கும் ஒரே வழி, நோட்டை விட்டுவிட்டுப் பாடநூலைத் திறப்பது. பிளாங்க் மாறிலி, எலக்ட்ரானின் நிறை, மின்னூட்டம் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் சரியாக அடித்து வைத்துக்கொண்டு, நோட்டில் வரும் இடத்தில் எல்லாம் அதையே ஒட்டிவிடுங்கள். படித்து எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. வரிசையும் உதவும். ஹெர்ட்ஸ் பார்த்ததைத் தொடர்ந்துதான் ஹால்வாக்ஸ் சோதித்தார், இரண்டுக்கும் ஒரு வருடம்தான் இடைவெளி. 1881 என்று வந்தால் நடுவில் ஏழு வருடம் என்ன ஆயிற்று என்ற கேள்வி தானாக எழ வேண்டும்.

தேர்வுக்கலை

சரி சார். இன்று அம்மாவை உட்காரவைத்து நோட்டை வாசிக்கச் சொன்னேன். அம்மாவுக்கு இயற்பியல் தெரியாது, அதனால் எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கிறார். அலை ஒளியியலில் 9 பக்கம் முடித்தோம். அவர் "அவை" என்று வாசித்த இடத்தில் என் திரையில் "அலை" இருந்தது, இரண்டு இடத்தில். அதை நானாக வாசித்திருந்தால் கண்டிப்பாகத் தாண்டிப் போயிருப்பேன், ஏனென்றால் அந்த வாக்கியத்தில் அலையும் பொருந்துகிறது.

மூன்று [??] மிச்சம் இருக்கிறது. அதில் ஒன்று ஒரு சமன்பாட்டின் நடுவில், கூட்டலா வகுத்தலா என்று எனக்கே தெரியவில்லை. நாளை நூலகத்தில் பாடநூலைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.